கொடிமலைக்கு ஓகே போட்டால் போதாது

ஞாயிற்றுக்கிழமை பினாங்கின் கொடிமலை ஏறுகிறோம். வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட நீளமான செய்தியைப் பார்த்துவிட்டு, “இதற்கு ஏன் அண்ணே இவ்வளவு?” என்று தம்பி ஒருவர் கேட்டார். காரணம் இருக்கிறது.

போன முறை இரண்டே வரிதான் எழுதினேன்: “காலை 7, கொடிமலை. வருகிறவர்கள் ஓகே போடவும்.” நான் நின்றது மூன் கேட்டில். தண்ணீர்மலை முருகன் கோவிலைத் தாண்டி, தாவரவியல் பூங்கா வாசலுக்குச் சற்று முன்னால், வெள்ளைச் சுவரில் வட்டமாக இருக்கும் வாசல் அது. மூன்று பேர் வழிகாட்டும் வேஸ் செயலியில் ‘பினாங்கு ஹில்’ என்று தட்டி, ஆயர் ஈத்தாமில் ரயில் ஏறும் நிலையத்துக்குப் போய்விட்டார்கள். மலை ஒன்றுதான், அடிவாரம் வேறு. அவர்கள் சுற்றி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. தப்பு அவர்கள் மேல் இல்லை, நான் எழுதியதில்தான்.

“7 மணி” என்றதிலும் குழப்பம். சிலருக்கு அது வந்து சேரும் நேரம், சிலருக்கு நடக்கத் தொடங்கும் நேரம். அதனால் இப்போது இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறேன்:

“முதல் குழு: 6.45க்கு மூன் கேட்டில் இருக்க வேண்டும், 7.00க்கு நடை. இரண்டாம் குழு: 7.15, 7.30. முதல் குழுவுக்குக் கைவிளக்கு அவசியம். வெள்ளி இரவு 9க்குள் பெயர், குழு எண், இறங்குவது நடந்தா ரயிலிலா என்று பதில் அனுப்பவும். வரமுடியாவிட்டாலும் சொல்லவும்.”

கைவிளக்கு எதற்கென்றால், இங்கே ஏழு மணிக்கும் காட்டுக்குள் இருட்டு விலகியிருக்காது. குழுவை இரண்டாகப் பிரித்தது, குறுகலான படிகளில் இருபத்திரண்டு பேர் ஒன்றாக ஏறினால் முன்னால் போகிற எனக்குப் பின்னால் இருப்பவர் தெரியமாட்டார் என்பதால்.

இறங்கும் வழியை ஏன் கேட்கிறேன்? ரயிலில் இறங்கினால் ஆயர் ஈத்தாமுக்குத்தான் வரும். கார் மூன் கேட்டில் நிற்கும். முன்கூட்டியே தெரிந்தால், நடந்து இறங்குகிற யாராவது காரை எடுத்துக்கொண்டு போய் அவர்களை ஏற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தக் கட்டைவிரல் குறி. செய்தியைப் பார்த்தேன் என்கிறாரா, வருகிறேன் என்கிறாரா, வந்தால் எந்தக் குழுவில் என்று அதில் எதுவும் தெரியாது. குழுவின் கடைசி ஆளாக வருபவர் கையில் இருப்பது இந்தப் பெயர்ப் பட்டியல்தான். பட்டியலில் பதினொன்று, வாசலில் பத்து என்றால் அவர் நகர முடியாது. போன முறை ஓர் அக்கா ஓகே போட்டிருந்தார். இரவில் மகளுக்குக் காய்ச்சல். சொல்ல மறந்துவிட்டார். பாவம், அவர் நிலைமை புரிகிறது. ஆனால் போனை எடுக்காததால், வழியில் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்துகொண்டே நின்றோம்.

இந்த முறை பதினேழு பேர் முழு விவரத்தோடு பதில் தந்துவிட்டார்கள். மீதி ஐந்து பேர் கட்டைவிரலோடு நிற்கிறார்கள். இன்று இரவு ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டுக் கேட்கப்போகிறேன்.