மாதம் 5,000 ரூபாய் போடுகிறவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு தம்பி கேள்வி கேட்டு நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அவன் கேட்டது ஒரே கேள்விதான். சம்பளம் 35,000, எல்லாம் போக 5,000 மிஞ்சுகிறது, பங்கு வாங்கலாமா, நிஃப்டி ஈடிஎஃப் வாங்கலாமா? நிஃப்டி என்பது 50 பெரிய கம்பெனிப் பங்குகளைக் கொண்ட குறியீடு, அதாவது இண்டெக்ஸ். அந்த ஐம்பதையும் ஒரே யூனிட்டாக வாங்கித் தருவது நிஃப்டி ஈடிஎஃப். அந்த ஈடிஎஃப் போதும் என்று நான் எழுதினேன். அதற்கு ஒருவரிடமிருந்து வந்த பதில், "இண்டெக்ஸ் எல்லாம் மூளையைக் கழற்றி வைத்துவிட்ட சோம்பேறிகளுக்கு." கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புக்குறிகள். அந்தத் தம்பி கேள்வியையே அழித்துவிட்டுப் போய்விட்டான். என்னைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. அவன் அழித்துவிட்டுப் போனதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

அதனால் கணக்கையே பேசுவோம்.

மாதம் 5,000 என்றால் வருடத்துக்கு 60,000. தம்பி பெரிய கெட்டிக்காரன், இண்டெக்ஸைவிட வருடத்துக்கு 3 சதவீதம் அதிகமாக எடுக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். தொழில்முறை நிதி மேலாளர்களே ஒவ்வொரு வருடமும் இதைச் செய்ய முடியாமல் தவிக்கிறார்கள், அது இருக்கட்டும். பணம் மாதாமாதம்தான் உள்ளே போகிறது என்பதால், முதல் வருடத்தில் அந்த 3 சதவீதம் அவனுக்குக் கூடுதலாகத் தருவது ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதற்காக அவன் ஒவ்வொரு காலாண்டு முடிவையும் படிக்க வேண்டும், ஆண்டறிக்கையில் கடன் எவ்வளவு, கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் புரொமோட்டர் எத்தனை பங்கை அடகு வைத்திருக்கிறார் என்று தேட வேண்டும். அதையே விட்டுவிட்டு 5,000-ஐ 6,000 ஆக்கினால் வருடத்துக்கு 12,000 கூடுகிறது. சிறிய தொகையில் எதை வாங்கினாய் என்பதைவிட எவ்வளவு போட்டாய் என்பதுதான் பேசும். ஐந்து வருடத்தில் 3 லட்சம் போட்ட பிறகு அதே 3 சதவீதம் வருடத்துக்கு 9,000 என்று ஆகும். அப்போது பங்குத் தேர்வைப் பற்றிப் பேசலாம். முதல் மாதமே வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

செலவையும் பாருங்கள். 5,000-ஐ ஐந்து கம்பெனிகளில் ஆயிரம் ஆயிரமாகப் பிரிக்கிறீர்கள். விற்கும்போது பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கிலிருந்து அதை வெளியே எடுக்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் அன்றைக்கு டிபி கட்டணம் என்று 15, 20 ரூபாய் பிடிப்பார்கள். ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் அதேதான், லட்ச ரூபாய்க்கு விற்றாலும் அதேதான். ஆயிரத்தில் 15 ரூபாய் போனால் ஒன்றரை சதவீதம் அங்கேயே காலி. பங்கை அன்றே விற்காமல் டெலிவரி எடுத்தால், எஸ்டிடி என்கிற பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். நிஃப்டி ஈடிஎஃப்புக்கு விற்கும்போது மட்டும் 0.001 சதவீதம். லட்சக்கணக்கில் போடுகிறவருக்கு டிபி கட்டணம் கண்ணில் படாது. 5,000 போடுகிறவனுக்குப் படும்.

"நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் என்ன?" என்று கேட்கிறீர்கள். நல்ல கம்பெனி என்று நேற்று எல்லோரும் சொன்னதைத்தானே வாங்குவோம்? 2018 ஆகஸ்டில் யெஸ் பேங்க் பங்கு 400 ரூபாய் அருகில் நின்றது. அப்போது அது நிஃப்டி 50-இல் இருந்த கம்பெனி, தெருவோரக் கம்பெனி இல்லை. 2020 மார்ச் 5 அன்று வாடிக்கையாளர்கள் அதிலிருந்து பணம் எடுக்க ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது, மறுநாள் பங்கு 20 ரூபாய்க்கும் கீழே முடிந்தது. மீட்புத் திட்டம் வந்தபோது, 100 பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் முக்கால்வாசிப் பங்கை மூன்று வருடத்துக்கு விற்க முடியாமல் பூட்டினார்கள். நிஃப்டி அந்த மார்ச்சிலேயே அதைத் தூக்கிவிட்டு ஸ்ரீ சிமெண்டை உள்ளே எடுத்தது. ஈடிஎஃப் வைத்திருந்தவருக்கும் நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இண்டெக்ஸில் 2 சதவீதம் எடையுள்ள ஒரு பங்கு அடியோடு போனாலும் உங்கள் லட்சத்தில் போவது 2,000. அந்த ஒரே பங்கில் பாதிப் பணத்தைப் போட்டவருக்கு 50,000.

என் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு வீட்டுக்கடன் கம்பெனிப் பங்கு விழ விழ, "ஆவரேஜ் பண்றேன்" என்று சம்பளம் வந்த நாளே அதில்தான் போடுவார். கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்கடியில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மூன்றரை மணிக்குச் சந்தை மூடினால்தான் மனுஷன் மூச்சு விடுவார். பையன் பள்ளிக் கட்டணத்துக்கு நகைக்கடன் எடுத்த அன்றும், "இன்னும் ஒரு காலாண்டு பொறுங்க" என்றுதான் என்னிடம் சொன்னார். அவர் சோம்பேறி இல்லை. எங்கள் அலுவலகத்திலேயே அதிகம் படித்தவர் அவர்தான். படித்ததெல்லாம் ஏற்கெனவே வாங்கியதை நியாயப்படுத்தத்தான் உதவியது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சிரிக்க முடியவில்லை.

சரி, அடுத்தது. "நிஃப்டி விழாதா?" விழும். 2008 ஜனவரியில் 6,000-ஐத் தாண்டி நின்றது அக்டோபரில் 2,500 பக்கம் வந்தது. அதனால்தான் ஆறு மாதச் செலவை வங்கியில் வைக்காமல் ஈடிஎஃப்புக்கும் வராதே என்கிறேன். ஆனால் விழுந்த சந்தையிலும் மாதாமாதம் வாங்கிக்கொண்டே போகிற தைரியம் 50 கம்பெனி மேல் வரும். ஒரு கம்பெனி மேல் வைத்தால் அது தைரியம் இல்லை, பிடிவாதம்.

"வாங்கினால்தானே கற்றுக்கொள்ள முடியும்?" இது மட்டும் நியாயமான கேள்வி. 500 ரூபாயை ஒதுக்கி, பிடித்த பங்கை வாங்கிப் படி. மீதி 4,500 ஈடிஎஃப்பில் போகட்டும். இதில் எனக்குச் சண்டையே இல்லை.

"பல மடங்கு ஏறிய டைட்டன் பங்கை வாங்கியிருந்தால்?" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. திவான் ஹவுசிங் என்ற வீட்டுக்கடன் கம்பெனியும் அதே சந்தையில்தான் இருந்தது. 2021-இல் பங்குதாரர்களுக்கு ஒரு பைசா இல்லாமல் பட்டியலிலிருந்து போனது. அந்தப் பங்கு வைத்திருந்தவர்கள் யாரும் "வாங்கியிருந்தால்" என்று பதிவு போடுவதில்லை.

இந்த ஏளனம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். மாதம் 5,000 மிச்சம் பிடிப்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்கள். வாடகை, அம்மாவுக்கு மருந்து, தங்கையின் கல்லூரி, இதெல்லாம் போக மிஞ்சும் 5,000 அது. காலையில் ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும்போது அவன் பேருந்தில் நின்றுகொண்டிருக்கிறான். அவனிடம் போய் மூளையைக் கழற்றி வைத்துவிட்டாய் என்கிறீர்களே, அவன் மூளை நாள் முழுக்க அவன் வேலையில் இருக்கிறது ஐயா. அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால் மூன்றே விஷயம். நிஃப்டி 50-ஐ அப்படியே பின்பற்றுகிற, தினமும் நிறையக் கைமாறுகிற ஈடிஎஃப் ஒன்றை எடு. பெயரில் ஈடிஎஃப் என்று இருப்பதெல்லாம் ஒன்றில்லை, ஒரே துறையை மட்டும் வாங்குவதும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. சந்தை திறந்த முதல் கால் மணியை விடு. ஈடிஎஃப்புக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேர மதிப்பை iNAV என்று போட்டிருப்பார்கள், வாங்கும் முன் அதைப் பார், விலை அதைவிட ஒரு சதவீதம் மேலே நின்றால் அன்றைக்கு வாங்காதே. கிடைத்த விலைக்கு வாங்கிவிடும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், நீ சொன்ன விலைக்கு மேல் போகாத லிமிட் ஆர்டர் போடு. யூனிட் 280 ரூபாய் என்றால் 5,000-க்கு 17 வரும், மிச்சம் 240 அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும். இதுவும் தொல்லையாக இருந்தால் அதே நிஃப்டியின் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி போட்டுவிடு, டீமேட் கணக்கே தேவையில்லை. வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இங்கேயே கேள். இந்தப் பதிவின் கீழே உன்னைப் பார்த்து யார் சிரித்தாலும் அவர்களை பிளாக் செய்துவிடுவேன்.