"150 வரை சம்பளம்" என்று எழுதச் சொன்னார்

தெரிந்தவர் ஒருவர் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு சிஎன்சி மெஷின், ஆட்கள் இருபதுக்குள். மெஷினில் டூல் மாட்டி அளவு சரிசெய்து கொடுக்கிற செட்டர் வேலைக்கு ஆள் எடுக்க ஒன்றரை நிமிட வீடியோ எடுக்கப் போகிறேன், ஸ்கிரிப்ட் எழுதிக் கொடு என்றார். அவரே எழுதி வைத்திருந்த முதல் வரி: "கைநிறைய சம்பளம், குடும்பம் போன்ற சூழல்." இரண்டையும் அடித்தேன். குடும்பம் என்று பேச்சை ஆரம்பிக்கிற இடத்தில் ஓவர்டைம் காசு ஒழுங்காக வராது என்பது நாலு கம்பெனி பார்த்த ஆளுக்குத் தெரியும்.

சம்பள வரியில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. தொகை எதற்கு, அடிப்படைச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்ல விரும்பியது "150 வரை". பொய் இல்லை, கணக்கு வருகிறது. மாதம் 26 நாள், எட்டு மணி நேரம், ஆக 208 மணி. அதற்கு மேல் 40 மணி ஓவர்டைம் பார்த்தால், இவர் இரட்டைக் கூலி கொடுப்பதால், ஏறக்குறைய 38 சேரும். ஒருநாள்கூட லீவு போடாவிட்டால் வருகைப் படி 8. நைட் ஷிப்ட் படி 6. மொத்தம் 152.

சரி, ஆர்டர் குறைந்த மாதம்? ஓவர்டைம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் சம்பளத்தோடு லீவு எடுத்தாலும் அந்த 8 போச்சு. நைட் ஷிப்ட் படி 6 மட்டும் சேரும். பிடித்தம் 12 எப்போதும்போல் உண்டு. கையில் வருவது 94. வீடியோவில் 150 கேட்டுவிட்டு வந்தவன் முதல் மந்தமான மாதத்தில் 94-ஐ எண்ணிப் பார்த்தால், அடுத்த வாரமே வேறு இடத்துக்கு விசாரிப்பான். ஒரு செட்டர் நம் மெஷின்களின் குணத்தைப் பிடிக்கவே சில மாதம் ஆகும். அதற்குள் அவன் போய்விட்டால் யாருக்கு நஷ்டம்?

அதனால் நான் எழுதியது இது:

"அடிப்படை 100. நைட் ஷிப்ட் படி 6. பிடித்தம் 12. ஓவர்டைம் இல்லாமல், ஒரு நாள் லீவும் போட்ட மாதத்தில் கைக்கு 94 வரும். ஆர்டர் நிறைய இருக்கிற மாதத்தில் 140 வரை வரும். அதற்கு லீவு போடாமல் 40 மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும்."

முதலில் குறைந்த எண், பிறகு கூடிய எண். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் காதில் விழுகிற முதல் எண்ணைத்தான் மனசு பிடித்துக்கொள்கிறது. எண்களைத் திரையிலும் போடச் சொன்னேன். பாதிப்பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

ஷிப்டுக்கு ஒரு வரி போதும்: வாரம் ஒரு முறை மாறும், காலை, மாலை, இரவு என்ற வரிசையில். இரவிலிருந்து மாலை, மாலையிலிருந்து காலை என்று பின்னோக்கிச் சுற்றினால் தூக்கம் இன்னும் கெடும். இது தெரிந்தவன் அந்த வரிசையைத்தான் கவனிப்பான்.

சத்தத்தைக் காட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. போன் மைக் பெரிய சத்தத்தைத் தானே அடக்கிப் பதிவு செய்துவிடுகிறது. பார்க்கிறவனுக்கு ஏதோ மின்விசிறி ஓடுவது போலத்தான் கேட்கும். அதனால் இரண்டு பேரைக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிறுத்திப் பேசவிட்டோம். குரலை உயர்த்தாமல் அவர்களால் பேச முடியவில்லை. அந்த நிலை வந்தாலே சத்தம் 85 டெசிபல் பக்கம் போய்விட்டது என்று உத்தேசமாகச் சொல்லலாம். நாள் முழுக்க நின்றால் காதடைப்பான் இல்லாமல் முடியாது. பின்னணி இசை வேண்டவே வேண்டாம் என்றேன். பாட்டு போட்டால் அது கல்யாண வீடியோ.

அப்புறம் ரிஜெக்‌ஷன். செட்டரோ ஆபரேட்டரோ முதலில் கேட்கிற கேள்வி, "பீஸ் கெட்டால் சம்பளத்தில் பிடிப்பீர்களா?" என்பதுதான். இவர் பிடிப்பதில்லை, ஆனால் முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து கையெழுத்துப் போடாமல் மெஷினை ஓடவிட்டால் எச்சரிக்கை கொடுப்பார். அதையும் அப்படியே சேர்த்தோம். கூலன்ட் பட்டுக் கையில் அரிப்பு வந்த பழைய ஆளின் கையுறையை மட்டும் ஒரு ஷாட் காட்டினோம்.

இப்படி உண்மையைச் சொன்னால் ஆளே வராது என்றார். வேலையின் நல்லது கெட்டதை முன்கூட்டியே காட்டுவது புதிய யோசனை இல்லை. தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களுக்கு இரண்டு விதப் படம் போட்டுக் காட்டி ஜான் வானஸ் 1973-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உள்ளதை உள்ளபடி காட்டிய படத்தைப் பார்த்தவர்களுக்கு வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணம் குறைவாக இருந்தது. அதற்காகச் சம்பளம் குறைவாக இருப்பதை இந்த வீடியோ சரிசெய்துவிடாது. பக்கத்துப் பட்டறையில் 110 கொடுத்தால் அவன் அங்கேதான் போவான், போகட்டும்.

கடைசியில் அவரே கேமரா முன் நின்று பேசினார். 94 என்ற இடம் வந்ததும் இரண்டு முறை தடுமாறினார். மூன்றாவது டேக்கில் கடகடவென்று சொல்லிவிட்டார், ஆனால் நாங்கள் வைத்துக்கொண்டது அவர் தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொல்கிற இரண்டாவது டேக்கை.