கோடு எங்கே விழுந்தது என்பது தெரியும், ஏன் விழுந்தது?

யூட்யூப் ஸ்டுடியோவில், வீடியோவின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் ஆடியன்ஸ் ரிடென்ஷன் கோடு ஒரு இடத்தில் சரிந்தால், உடனே "அந்த இடம் போர்" என்று முடிவுகட்டி வெட்டிவிடுகிறோம். இந்தப் பழக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து. கோடு இடத்தைத்தான் காட்டும். காரணம் வேண்டுமென்றால் நாலைந்து பார்வையாளர்களை வீடியோ பார்க்கவைத்து, மனதில் ஓடியதை வாய்விட்டுச் சொல்லவைக்க வேண்டும்.

மிக்ஸி கப்ளர் மாற்றுவதைப் பற்றி 9 நிமிட வீடியோ ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3:10 வரை 52 சதவீதத்தில் போன கோடு, 3:25-க்குள் 38-க்கு இறங்கி, அப்புறம் ஏறவே இல்லை. ஆளைக் கூப்பிடும் முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். இறங்கிய கோடு கொஞ்ச நேரத்தில் மேலே வந்திருந்தால், பார்த்தவர்கள் போகவில்லை, அந்தப் பகுதியை ஓட்டித் தாண்டியிருக்கிறார்கள். 8 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ என்பதால் நடுவில் விளம்பரம் வைத்திருக்கலாம். அது 3:10-இல் விழுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் ஆட்கள் தேவை.

நண்பர்களைக் கூப்பிடாதீர்கள், அவர்கள் மரியாதைக்காகக் கடைசிவரை பார்ப்பார்கள். வீட்டில் மிக்ஸி கப்ளர் உண்மையிலேயே தேய்ந்துபோய், இந்த வேலையைச் செய்ய வேண்டிய நிலையில் இருப்பவர்கள் வேண்டும். அவர்களுடைய போனிலேயே பார்க்கட்டும், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஓடட்டும். 3:10 பற்றி மூச்சுவிடக் கூடாது. "வீட்ல பாக்குற மாதிரி பாருங்க, ஓட்டலாம், போதும்னு தோணினா மூடிடலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். மூடலாம் என்ற அனுமதியைச் சொல்லாமல் விட்டால் யாரும் மூடமாட்டார்கள், நீங்கள் தேடும் அந்த நொடி வரவே வராது.

ஆப் அல்லது வெப்சைட்டைச் சோதிக்கும்போது பயன்படுத்திக்கொண்டே பேசச் சொல்வார்கள். வீடியோவுக்கு அது சரிப்படாது. வீடியோவே பேசிக்கொண்டிருக்கிறது, அதோடு பார்ப்பவரும் பேசினால் இரண்டில் ஒன்று காதில் ஏறாது. அதனால் முதலில் பேசாமல் பார்க்கட்டும். முடிந்த கையோடு, ஆறவிடாமல், ரெக்கார்டிங்கை முதலிலிருந்து ஓட்டி, 20-30 நொடிக்கு ஒருமுறை நிறுத்தி, "இங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேளுங்கள். 3:10-இல் மட்டும் நிறுத்தினால் உங்கள் ஆர்வம் தெரிந்துவிடும், பதிலும் அதற்கேற்ப வளையும்.

இதற்கு முன் ஒரு சின்னப் பழக்கம் கொடுக்கலாம். "உங்க வீட்ல மொத்தம் எத்தனை ஜன்னல்? எண்ணும்போது மனசுல வர்றதையெல்லாம் சொல்லுங்க." மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவைக்கும் முறையை ஆராய்ந்த எரிக்சன், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கையாண்ட பயிற்சி இது. நினைப்பை அப்படியே சொல்வது வேறு, நினைப்புக்கு விளக்கம் சொல்வது வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். "ஏன் மூடுனீங்க?" என்று கேட்டால் விளக்கம்தான் வரும். கேட்டதற்காக அப்போது தயாரித்த காரணமாகக்கூட அது இருக்கலாம். என்னைக் கேட்டால், "ஏன்" என்ற சொல்லையே அந்த அறையில் தடைசெய்ய வேண்டும்.

மிக்ஸி வீடியோவில் 2:55-இல் "கப்ளரைக் கழற்ற வலப்பக்கமாத் திருப்பணும்" என்று வருகிறது, 3:10-இல் கடை விலைப் பேச்சு தொடங்குகிறது. ஐந்து பேரில் மூவர், "ஓ, அந்தப் பக்கமா, சரி, செஞ்சு பாத்துடலாம்" என்று நினைத்து மூடியிருக்கிறார்கள். மற்ற இருவருக்குக் கை மறைத்ததால் கப்ளரே தெரியவில்லை. பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்து, அப்போதும் புரியாமல் வேறு வீடியோவுக்குப் போயிருக்கிறார்கள். விலைப் பேச்சு சலிப்பாக இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை மட்டும் வெட்டியிருந்தால் இந்த இருவருக்கும் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலும் காரணம் சரிவுக்கு முந்தைய நொடிகளில்தான் இருக்கும், விரலை நகர்த்த நேரம் பிடிக்கிறதல்லவா?

சொன்னதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பின்னால் ஓட்டினார்களா என்று ரெக்கார்டிங்கில் பாருங்கள். வாயும் விரலும் முரண்பட்டால் விரலை நம்புங்கள். பிறகு கோட்டுக்குத் திரும்புங்கள். பலர் பின்னால் ஓட்டியிருந்தால் 2:55 அருகே ஒரு சின்ன மேடு தெரிய வேண்டும். மேடு இருந்தால் கை மறைத்த காரணம் வலுப்பெறும், இல்லையென்றால் அது அந்த இருவரோடு நிற்கிற விஷயமாக இருக்கலாம். ஐந்தில் மூவர் என்பதை 60 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். இத்தனை பேரை வைத்து என்னென்ன காரணங்கள் உண்டு என்று கண்டுபிடிக்கலாம், எது எத்தனை பங்கு என்று அளக்க முடியாது.

பதில் கிடைத்துப் போனவர்களைப் பிடித்துவைக்க முயல வேண்டாம், அவர்கள் வந்த வேலை முடிந்தது. மாற்ற வேண்டியது கேமராக் கோணத்தை. அடுத்த கப்ளர் வீடியோவில் மேலிருந்து, கை மறைக்காமல் எடுங்கள். கோணம்தான் காரணமென்றால் அந்த மேடு தணிய வேண்டும். சரிவு கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும்.