ஆப்டிமைஸ் பட்டன் கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்கிறதா?

“என்விடியா ஆப்பில் `Optimize` அழுத்தினால் கார்டு ஓவர்கிளாக் ஆகி எஃப்பிஎஸ் எகிறும்.”

தவறு. அந்தப் பட்டன் கார்டின் வேகத்தையோ மின்னழுத்தத்தையோ தொடுவதே இல்லை. கேமின் செட்டிங்ஸ் ஃபைலில் நிழல், டெக்ஸ்ச்சர், ரெசல்யூஷன் போன்ற மதிப்புகளை மாற்றி எழுதுகிறது, அவ்வளவுதான். கேமுக்குள் போய் நீங்களே கையால் மாற்றக்கூடியவைதான் அவை. கார்டின் வேகத்தைக் கூட்டும் தானியங்கி வசதி அதே ஆப்பில் வேறு இடத்தில் தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்புவதால்தான் இந்தப் பேச்சு பரவுகிறது.

எஃப்பிஎஸ் குறையவும் செய்யலாம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேலோரண்ட் ஆடுபவர் எல்லாவற்றையும் `Low`-வில் வைத்திருப்பார். கார்டில் தெம்பு மிச்சமிருப்பதைப் பார்த்து ஆப் நிழலையும் டெக்ஸ்ச்சரையும் ஏற்றிவிடும். அதன் நோக்கம் படம் அழகாகவும் தடங்கலில்லாமலும் ஓடுவது. உங்களுக்கு வேண்டியதோ அதிகபட்ச எஃப்பிஎஸ்.

ஆப் தரும் பரிந்துரை அடக்கமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உங்கள் கார்டு, சிபியு, ரெசல்யூஷன் ஆகியவை ஆப்புக்குத் தெரியும். ஆனால் கேபினட் சூடு, தூசி அடைத்த ஃபேன், பின்னணியில் ஓடும் குரோம் எல்லாம் அதன் கணக்கில் வராது. ஒரே பரிந்துரை லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போகிறது. கூட்டச் சண்டைக் காட்சியிலும் திணறக் கூடாது. அதனால் கொஞ்சம் இடைவெளி விட்டே வைக்கிறார்கள், அது நியாயமும்கூட.

அழுத்தும் முன் இப்போதைய மதிப்பையும் பரிந்துரையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் பட்டியலைப் பாருங்கள். நிழல் ஏறுகிறதென்றால் ஸ்லைடரை `Performance` பக்கம் நகர்த்துங்கள்.