புதுப் பாடம் பழைய பாடத்தை அழிக்குமா?

"ஒரே நாளில் ரெண்டு மூணு பாடம் படிக்காதீங்க. புதுசா படிக்கிறது ஏற்கெனவே படிச்சதை மூளையிலிருந்து அழிச்சிடும்!"

இந்த வதந்தி தவறு. குழப்புவது பாடங்களின் எண்ணிக்கை அல்ல, அவற்றுக்கிடையே உள்ள ஒற்றுமை. 1931-இல் மெக்கியோக், மெக்டொனால்டு என்ற உளவியலாளர்கள் இருவரும் நடத்திய சோதனையில், சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தவர்கள் அப்புறம் அதே பொருள் தரும் சொற்களைப் படித்தபோதுதான் மிக அதிகமாக மறந்தார்கள். எண்களைப் படித்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு.

வெப்ப இயக்கவியலையே எடுத்துக்கொள்வோம். வாயுவின் அக ஆற்றல் மாற்றம் ΔU, அது பெறும் வெப்பம் Q. இயற்பியலில் ΔU = Q − W; W என்பது வாயு செய்யும் வேலை. வேதியியலில் ΔU = q + w; w என்பது வாயுவின் மீது செய்யப்படும் வேலை. வாயு 100 ஜூல் வெப்பம் பெற்று 40 ஜூல் வேலை செய்தால், இரண்டிலும் விடை 60தான். ஆனால் வேதியியலின் w = −40-ஐ இயற்பியல் சூத்திரத்தில் போட்டால் 140 வரும்.

காலையில் படித்த இயற்பியல் சூத்திரம் மாலையில் வேதியியல் கணக்கில் தலைநீட்டினால் அது முன்நோக்குக் குறுக்கீடு. வேதியியலைப் படித்த பிறகு இயற்பியல் தடுமாறினால் பின்நோக்குக் குறுக்கீடு. (வதந்தி இந்த இரண்டாவதை மட்டுமே பேசுகிறது.)

எதுவும் அழியவில்லை என்பதற்குத் தடயம் விடையிலேயே இருக்கிறது: வெற்றிடம் விடாமல், இன்னொரு பாடத்தின் குறியைத் துல்லியமாக எழுதியிருப்பீர்கள். "W யார் செய்த வேலை?" என்று கேட்டாலே பெரும்பாலும் சரியானது வந்துவிடும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நடுவே வரலாறு படித்தால் கெடுதல் இல்லை.