நாட்டம் போனதா, கணக்குப் பாடம் போனதா?

“மீனவப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை, கையில் காசு கண்டதும் நின்றுவிடுகிறார்கள்.”

இப்படி எழுதியிருக்கிறீர்கள், ஐயா. காசு இழுக்கிறது என்பதில் பாதி உண்மை உண்டு. ஆனால் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் பகுதியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கும் நான் காண்பது, நிற்பதற்கு முன் பல மாதம் நீளும் விடுப்பைத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும், ஒரு மாணவனின் வருகைப் பதிவேட்டில் படகு போகும் நாள்களிலும் அதற்கு மறுநாள்களிலும் மட்டும் வெற்றிடம் விழுந்தது. அப்பாவின் தோள்வலியால் வலை இழுக்க ஆளில்லை என்பது வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அதற்குள் இயற்கணிதம் கைவிட்டுப் போயிருந்தது; அவன் வெட்கப்பட்டது அதற்காகத்தான்.

அதன் பின், அவன் வராத மூன்றாம் நாளே வீட்டுக்குப் போவதும், விட்ட பாடத்தை மாலையில் தனியே நடத்துவதும், வகுப்பில் எல்லார் முன்னும் ஏன் வரவில்லை என்று கேட்காதிருப்பதும் அவனைத் திரும்ப அழைத்து வந்தன. அப்பாவின் தோள் குணமாகவில்லை என்பதால் பத்தாம் வகுப்பு வரை வருவானா என்று இன்னும் சொல்ல முடியவில்லை.

இதே விவாதத்தில் தம் மகளின் படிப்பு நின்றதைப் பற்றி எழுதிய அக்கா சொல்வது வேறு சிக்கல்: எட்டாம் வகுப்போடு முடியும் நடுநிலைப்பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியவள் வேறெங்கும் சேரவில்லை. அப்படிச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளின் பட்டியலை ஜூனிலேயே உயர்நிலைப்பள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.