சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் சுகர் மட்டும்தான் இல்லை

சர்க்கரை நோய் உள்ளவரைப் பார்க்கப் போனால் முன்பெல்லாம் ஆப்பிள், சாத்துக்குடி வாங்கிப் போவோம். இப்போது சுகர் ஃப்ரீ பிஸ்கட். அவரும் டாக்டரே எழுதிக்கொடுத்த மாதிரி நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டாவிட்டால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதிக்கிறது. பாக்கெட்டில் பொய் இல்லை. ஆனால் அந்த விதி பார்ப்பது சர்க்கரையை மட்டும்தான். பிஸ்கட்டில் பாதிக்கு மேல் மைதாவோ கோதுமை மாவோதான். மாவுச்சத்து வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. சில பிஸ்கட்டுகளில் சேர்க்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி இன்னும் மோசம்: லேபிளில் சர்க்கரைக் கணக்கில் வராது, ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

உதாரணத்துக்கு ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்போம். 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 68, அதில் சர்க்கரை 0.4, பாலியால் 15, கொழுப்பு 19 என்று இருக்கிறது. பாலியால் என்பது மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகள். இவை சர்க்கரையை மெதுவாக ஏற்றும். ஏற்றவே ஏற்றாது என்றில்லை. அதிகம் போனால் வயிற்றைக் கலக்கும், அந்த எச்சரிக்கையும் பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் இருக்கும். பாலியாலைக் கழித்தாலும் 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து மிச்சம். எட்டு கிராம் பிஸ்கட் நாலு தின்றால் சுமார் 17 கிராம் மாவுச்சத்து, 6 கிராம் கொழுப்பு, 140 கலோரிக்கு மேல். சாதா மேரி பிஸ்கட்டை அதே எடைக்குத் தின்றாலும் கலோரி கிட்டத்தட்ட இதேதான், கொழுப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேரி இரண்டோடு நிறுத்துபவர் இதில் நாலு எடுக்கிறார். நோயாளியைக் கெடுப்பது அந்தக் கூடுதல் இரண்டுதான் என்பது என் கருத்து.

‘லோ ஃபேட்’ கதையும் ஏறக்குறைய இதுதான். 100 கிராமில் 3 கிராமுக்குள் கொழுப்பு இருந்தால் போதும். சர்க்கரை எவ்வளவு என்று அந்த வார்த்தை சொல்லாது.

‘ஹை புரோட்டீன்’தான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது. ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் 100 கிராமில் இருந்தால் அந்தப் பட்டம் கிடைத்துவிடும். தேவையை 54 கிராம் என்று வைத்தால் சுமார் 11 கிராம். கணக்கு 100 கிராமுக்கு, கையில் இருப்பதோ 30 கிராம் சிப்ஸ் பாக்கெட். உள்ளே போவது மூணே கால் கிராம் புரதம், கூடவே எண்ணெயும் உப்பும். ஒரு அவித்த முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையிலும் கிட்டத்தட்ட அவ்வளவு உண்டு, மளிகைக் கடைக்காரர் அதைப் பழைய பேப்பரில் மடித்துத்தான் கொடுக்கிறார்.